அளவு பிளவுஸும் ஆன்லைன் படிவமும்

ஆடி மாதம் பெண்களுக்குத் தைக்கும் கடைகளுக்குச் சற்று மூச்சு விடும் காலம். முகூர்த்தம் கிடையாது. தள்ளுபடியில் எடுத்த துணிகள் வந்து சேருமே தவிர, "நாளைக் காலையில கட்டணும்" என்று வாசலில் வந்து நிற்பவர்கள் குறைவு. ஆவணி பிறந்துவிட்டால் கதை வேறு. கல்யாணம், வளைகாப்பு, நவராத்திரி, தீபாவளி என்று மெஷின் ஓயாது. அதனால் கடையின் பழக்கம் எதையாவது மாற்ற நினைக்கும் டெய்லருக்கு ஆடிதான் தோதான மாதம். போனில் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டு ஆன்லைன் படிவத்துக்கு மாறுவதும் அப்படிப்பட்ட ஒரு மாற்றம்தான்.

படிவம் தயாரிப்பது பெரிய வேலை இல்லை. கூகுள் ஃபார்ம்ஸ் இலவசம். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். கேள்விகளைத் தமிழிலேயே எழுதலாம். வரும் பதில்கள் எல்லாம், வந்த தேதியும் நேரமும் சேர்ந்து, கூகுள் ஷீட்ஸ் அட்டவணையில் வரிசையாகப் பதிவாகும்படி இணைத்துவிடலாம். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. "நான்தான் பேசுறேன்" என்ற குரலைக் கேட்டே ஆளையும் அளவையும் ஞாபகம் வைத்திருந்த டெய்லர், அந்த வாடிக்கையாளரிடம் இனிமேல் லிங்க்கைத் தொடுங்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னது பாதி புரிந்து பாதி புரியாமல் போனால், படிவமும் நிரம்பும், போனும் அடிக்கும். வேலை இரட்டிப்பாகிவிடும்.

சிறிய ஊரில் பிளவுஸ் தைக்கும் ஒரு கடையை வைத்து இதைப் பார்க்கலாம். ஒருவர் துணி வெட்டுகிறார், இரண்டு மெஷின் ஓடுகிறது, கொக்கி கட்டவும் ஹெம்மிங் செய்யவும் ஓர் உதவியாள் இருக்கிறார். பெரும்பாலான ஊர்களில் கடைகள் இந்த அளவில்தான் நடக்கின்றன.

மூன்று வகை அழைப்புகள்

இப்படிப்பட்ட கடைக்கு வரும் அழைப்புகளைப் பிரித்துப் பார்த்தால் அநேகமாக மூன்றில் அடங்கிவிடும். முதலாவது, "துணி கொடுத்தா எப்ப தைச்சுக் கொடுப்பீங்க?" இரண்டாவது, "அந்தப் பச்சை பிளவுஸுக்குக் கழுத்து கொஞ்சம் இறக்கி வைங்க." மூன்றாவது, "ஆச்சாக்கா?"

மூன்றும் துணி வெட்டும் நேரத்தில் வந்தால்தான் ஆபத்து. தையல் தவறினால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். வெட்டு தவறினால் ஒட்ட வைக்க முடியாது. பட்டுப் புடவையோடு வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதில் ஒரு கைக்கான துண்டைத் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டால் அதே நிறம், அதே பார்டர் கடையில் கிடைக்காது. கத்தரியும் கையுமாக இருக்கும்போது, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு கேட்ட "கழுத்து இறக்கம்" எந்த பிளவுஸுக்கு என்பது மாலைக்குள் மறந்து போவதும் நடக்கும்.

இந்த மூன்றில் படிவம் நேரடியாகத் தீர்ப்பது முதல் வகையை மட்டும்தான். இரண்டாவது வகைக்கு ஒரு விதி வேண்டும்: எதுவரை மாற்றம் சொல்லலாம் என்ற எல்லை. மூன்றாவது வகை நிற்க வேண்டுமென்றால், அவர்கள் கேட்பதற்கு முன்பே கடையிலிருந்து "தயார்" என்று செய்தி போக வேண்டும். படிவம் வந்துவிட்டால் போனே அடிக்காது என்று எதிர்பார்க்கும் கடைகள் ஏமாறுவது இங்கேதான். ஆகவே வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்தி இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

செய்தி எப்படி இருக்கலாம்?

வாட்ஸ்அப்பில் படிப்பதற்கு ஏற்ற நீளத்தில் ஒரு மாதிரி:

"வணக்கம் அக்கா. ஆவணி 1 முதல் தையல் ஆர்டரைப் போனில் எடுக்காமல், கீழே உள்ள லிங்க்கில் எடுக்கிறேன். தொட்டால் ஒரு படிவம் திறக்கும். உங்கள் அளவு என் நோட்டில் இருக்கிறது, அதை நீங்கள் எழுத வேண்டாம். எத்தனை பிளவுஸ், விசேஷம் என்றைக்கு, போன தடவை தைத்ததில் என்ன மாற்றம் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். நிரப்பி அனுப்பினால் அன்று இரவுக்குள் ஆர்டர் எண்ணும் கொடுக்கும் தேதியும் அனுப்புவேன். அந்தப் பதில் வந்தால்தான் ஆர்டர் உறுதி. துணியும் அளவு பிளவுஸும் கடைக்கு வந்த நாளிலிருந்து நாள் கணக்கு. வெட்டிய பிறகு மாற்ற முடியாது. தைத்து முடிந்ததும் நானே சொல்கிறேன். படிவம் நிரப்பச் சிரமம் என்றால் கடைக்கு வாருங்கள், நான் நிரப்பிக்கொள்கிறேன். அவசரத்துக்கு மாலை 6 முதல் 7 வரை போன் எடுப்பேன். படிவத்தில் பணம், பின் நம்பர், ஓடிபி எதுவும் கேட்க மாட்டேன்."

இதில் "வாடிக்கையாளர்களின் வசதிக்காக" என்ற வாசகம் இல்லை. பழகிய வாடிக்கையாளர் அதை நம்பவும் மாட்டார். போன் பண்ணுவதே அவருக்கு வசதி. காரணம் சொல்லியே ஆக வேண்டுமென்றால் உண்மையானதைச் சொல்லலாம்: "வெட்டும்போது போன் எடுத்தால் தப்பு நேர்கிறது." தன் பட்டுத் துணியை நினைத்துப் பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் அது உடனே புரியும்.

செய்தியை அனுப்பும் வழியிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் குரூப் தொடங்கி எல்லோரையும் சேர்த்தால், ஒருவருடைய எண் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண்கள் பலருக்கு அது பிடிக்காது. பிராட்காஸ்ட் பட்டியல் பொருத்தமானது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும். ஆனால் கடையின் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது சேரும். எண்ணைப் பதியாமல், பழைய அழைப்புகளில் தேடிப் பிடித்துப் பேசுகிறவர்களுக்குச் செய்தியே போய்ச் சேராது. துணி வாங்கிச் செல்ல வருகிறவர்களிடம் "என் நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க" என்று ஆடி முழுவதும் சொல்லி வைப்பதும், லிங்க்கின் கியூஆர் கோடை அச்சிட்டுக் கடையில் ஒட்டுவதும் இதற்காகத்தான்.

அளவைப் படிவத்தில் கேட்கலாமா?

படிவம் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது மார்பு, இடுப்பு, தோள், கை நீளம் என்று கட்டம் கட்டமாக அளவு கேட்பதுதான். வழக்கமான வாடிக்கையாளரிடம் அதைக் கேட்காமல் இருப்பதே நல்லது.

காரணம் எளிது. இஞ்ச் டேப்பின் ஒரு பக்கத்தில் 60 இஞ்ச் இருக்கும், மறுபக்கத்தில் 150 சென்டிமீட்டர். எந்தப் பக்கம் பார்த்தார் என்பது எழுதிய எண்ணில் தெரியாது. 36 என்பதும் 91 என்பதும் ஏறக்குறைய ஒரே அளவுதான்; இதை டெய்லர் ஊகித்துவிடலாம். கை நீளம் 12 என்று வந்தால் ஊகிக்க முடியாது. 12 இஞ்ச் என்றால் முழங்கைக்குப் பக்கத்தில் முடியும். 12 சென்டிமீட்டர் என்றால் ஐந்து இஞ்ச்சுக்கும் குறைவான சின்னக் கை. இரண்டையுமே மக்கள் தைத்துக்கொள்கிறார்கள்.

அதைவிடப் பெரிய குழப்பம், எதை அளந்தார் என்பதில் வருகிறது. ஒருவர் உடம்பைச் சுற்றி டேப் வைத்து 36 என்று எழுதுவார். இன்னொருவர் பழைய பிளவுஸைக் கட்டிலில் விரித்து, ஒரு பக்க அக்குளிலிருந்து மறுபக்கம் வரை அளந்து 18 என்று எழுதுவார். மூன்றாமவர் அதையே இரட்டித்து 36 என்று எழுதுவார். முதல் ஆளுடைய 36 உடம்பின் அளவு. அதன்மேல் கை வீசவும் மூச்சு விடவும் டெய்லர் கொஞ்சம் தளர்வு சேர்ப்பார். மூன்றாம் ஆளுடைய 36 ஏற்கெனவே தளர்வு சேர்த்துத் தைத்த துணியின் அளவு. அதன்மேல் இன்னொரு முறை தளர்வு சேர்த்தால் பிளவுஸ் தொளதொளவென்று வரும். படிவத்தில் இரண்டும் ஒரே 36-ஆகத்தான் தெரியும்.

அளவு பிளவுஸ் இந்தச் சிக்கலை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுகிறது. கழுத்தின் வளைவு, தோளின் சரிவு, டாட் எங்கே முடிகிறது, கை எவ்வளவு அகலம் என்று எண்ணாக எழுத முடியாத விஷயங்கள் அதில் இருக்கின்றன. எனவே படிவம் கேட்க வேண்டியது அளவை அல்ல. அந்த அளவு பிளவுஸ் இப்போது எப்படி இருக்கிறது என்பதை.

அந்தக் கேள்வியை இப்படி அமைக்கலாம்: "அளவுக்குத் தரும் பிளவுஸ் இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" பதில்கள்: சரியாக இருக்கிறது, எங்கோ இறுக்குகிறது, எங்கோ லூஸாக இருக்கிறது, நேரில் வந்து அளவு கொடுக்கிறேன். முதல் பதிலைத் தொட்டவருக்கு மேற்கொண்டு கேள்வி இல்லை. இறுக்குகிறது என்று சொன்னவருக்கு மட்டும் அடுத்த பகுதி திறக்கும். ஒரு பதிலைப் பொறுத்து வேறு பகுதிக்குத் தாவும் வசதி கூகுள் ஃபார்ம்ஸிலேயே இருக்கிறது.

அடுத்த பகுதியில் "கை இறுக்கம்" என்று ஒரே பதிலாக வைத்துவிட்டால் பயன் குறைவு. கை இறுக்கம் என்பது இரண்டு வேறு கோளாறுகளுக்குப் பொதுவான பெயர். கை ஓரத்தில், புஜத்தில் கோடு விழுந்தால் கைச் சுற்றளவைக் கூட்டினால் போதும். மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கும்போது பிளவுஸ் மொத்தமும் மேலே ஏறினால் கோளாறு அக்குள் வெட்டில் இருக்கிறது. கைச் சுற்றளவை எவ்வளவு கூட்டினாலும் அது சரியாகாது. ஆகவே படிவம், "கை ஓரத்தில் தடம் விழுகிறதா?", "கையைத் தூக்கினால் பிளவுஸ் மேலே ஏறுகிறதா?" என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். போனில் பேசும்போது டெய்லர் தானாகவே கேட்டுவிடும் துணைக்கேள்வி இது. அதைப் படிவத்தில் எழுதி வைக்காவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை.

விசேஷம் என்றைக்கு?

"எந்தத் தேதிக்கு வேண்டும்?" என்று கேட்டால் பாதிப் பேர் கல்யாணத் தேதியை எழுதுவார்கள். மீதிப் பேர் அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு தேதியை எழுதுவார்கள். எது எது என்று தெரியாமல் டெய்லர் வரிசை போட முடியாது. அதனால் கேள்வி "விசேஷம் என்றைக்கு?" என்று இருப்பது நல்லது. உடை கைக்குப் போக வேண்டிய நாளை டெய்லர் தீர்மானிக்கட்டும். போட்டுப் பார்த்து, எங்காவது பிடித்தால் பிரித்துச் சரிசெய்ய இரண்டு மூன்று நாள் இருக்கும்படி அவர் பின்னோக்கி எண்ணிக்கொள்வார்.

தேதியைத் தட்டச்சு செய்யவிடாமல், நாட்காட்டியிலிருந்து தொட்டுத் தேர்ந்தெடுக்கும்படி வைப்பதும் அவசியம். 6/9 என்று எழுதினால் சிலருக்குச் செப்டம்பர் 6, சிலருக்கு ஜூன் 9.

எந்த நாளிலிருந்து கணக்கு என்பதுதான் சண்டை வரும் இடம். படிவத்தை அனுப்பியவர், "பத்து நாள் முன்னாடியே ஆர்டர் போட்டுட்டேனே" என்பார். துணி வந்து சேர்ந்தது நேற்றுத்தான் என்பார் டெய்லர். இருவர் சொல்வதும் உண்மை. செய்தியில் "துணியும் அளவு பிளவுஸும் கடைக்கு வந்த நாளிலிருந்து" என்று ஒரு வரி இருப்பது இதற்காக. அந்த வரியைப் படிவத்தின் கடைசியில், அனுப்பியதும் தோன்றும் நன்றிச் செய்தியிலும் திரும்ப எழுதி வைக்கலாம். கூகுள் ஃபார்ம்ஸில் அந்த வாசகத்தை நம் விருப்பப்படி மாற்ற முடியும்.

ஓர் ஆர்டரைத் தொடர்ந்து பார்த்தால்

வழக்கமாகத் தைக்கும் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் கல்யாணம். ஆகஸ்ட் 20, வியாழன் இரவு ஒன்பது மணிக்குப் படிவத்தை நிரப்புகிறார். மூன்று பிளவுஸ்: முகூர்த்தத்துக்குப் பட்டு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொள்ளக் காட்டன் ஒன்று.

முதல் சிக்கல் இங்கேயே வருகிறது. "பின் கழுத்து எப்படி?" என்று ஒரே கேள்வி இருந்தால், மூன்று பிளவுஸுக்கும் ஒரே பதில்தான் பதிவாகும். அவரோ பட்டுக்கு மட்டும் கழுத்தை இறக்கி நாடா வைக்க நினைக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் போடுவதில் அப்படி வைக்க முடியாது. ஒரு பிளவுஸுக்கு ஒரு படிவம் என்று விதி வைப்பதே இதற்கு எளிய வழி. மூன்று முறை நிரப்ப வேண்டுமே என்ற சலிப்பு வரும். ஆனால் பெயர், எண், விசேஷத் தேதி தவிர மற்ற எல்லாம் தொட்டுத் தேர்ந்தெடுப்பவையாக இருந்தால் இரண்டாவது, மூன்றாவது முறைக்கு அதிக நேரம் ஆகாது. அட்டவணையில் ஒரு வரி என்றால் ஒரு பிளவுஸ் என்ற கணக்கும் டெய்லருக்குக் கிடைக்கிறது.

பட்டு பிளவுஸுக்கான படிவத்தில் "துணி வெட்டி எடுத்தாகிவிட்டதா, புடவையோடு இருக்கிறதா?" என்ற கேள்விக்கு ஆசிரியை, புடவையோடு இருக்கிறது என்று தொடுகிறார். போனில் யாருமே சொல்லாத தகவல் இது. புடவையை முழுதாகக் கொண்டுவந்தால் பிளவுஸ் துணியை எங்கே பிரிப்பது என்று டெய்லரே பார்த்து வெட்டிக்கொள்ளலாம். ஃபால்ஸ் தைக்கும் வேலையும் சேர்ந்து வரும் என்பதும் முன்கூட்டித் தெரிகிறது. "கையில் பார்டர் வர வேண்டுமா?" என்பதற்கு ஆம் என்கிறார். கை நீளத்துக்கு "முழங்கை வரை" என்று தொடுகிறார்.

இந்த இரண்டு பதில்களையும் சேர்த்துப் படிக்கும் டெய்லர் நிமிர்ந்து உட்கார்வார். 80 சென்டிமீட்டர் துணி, சற்றுப் பெரிய அளவு, முழங்கை வரை கை, அதிலும் பார்டர் ஓரத்தில் வர வேண்டும் என்றால் துணி போதாமல் போகலாம். துணியை நேரில் அளந்து பார்க்காமல் இதற்கு ஒப்புக்கொள்ள முடியாது. அன்றிரவு அவர் அனுப்பும் பதில் இப்படி இருக்கும்: "ஆர்டர் 41, 42, 43. காட்டன், வரவேற்பு பிளவுஸ் இரண்டும் சரி. பட்டுக்கு நீளக் கை வருமா என்று துணி பார்த்துச் சொல்கிறேன். திங்கட்கிழமைக்குள் துணி வந்தால் பட்டும் வரவேற்பும் செப்டம்பர் 2 தருகிறேன். காட்டன் கல்யாணத்துக்கு அப்புறம்."

திங்கள் என்பது ஆகஸ்ட் 24. செப்டம்பர் 2 புதன்கிழமை. இடையில் இருக்கும் நாட்களில் தையல் என்னவோ ஒரு நாள் வேலைதான். ஆனால் லைனிங் துணி காட்டன் என்றால் முதலில் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட வேண்டும். அப்படிச் செய்யாமல் தைத்துவிட்டால் பிறகு துவைக்கும்போது லைனிங் மட்டும் சுருங்கி, மேல் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். இந்த ஆர்டருக்கு முன்னால் வந்தவையும் வரிசையில் இருக்கின்றன. புதன்கிழமை கொடுத்தால் வியாழன், வெள்ளி இரண்டு நாள் போட்டுப் பார்த்துத் திருத்த மிச்சம் இருக்கிறது. பள்ளிக்கூட பிளவுஸைத் தள்ளிப் போட்டதும் இந்தத் தேதிகள் முன்னால் இருந்ததால்தான். போனில் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருந்தால் மூன்றுக்கும் சேர்த்து "சரிக்கா" என்று சொல்லியிருப்பார்.

துணி வந்ததும் ஒவ்வொன்றிலும் ஆர்டர் எண் எழுதிய சீட்டைக் குத்தி வைத்துவிட வேண்டும். அட்டவணையில் 41 என்று இருந்து, பையில் எண்ணே இல்லாத மூன்று துணிகள் கிடந்தால் படிவத்தால் பயனில்லை. அட்டவணையில் கடைசியாக ஒரு பத்தியைச் சேர்த்து, துணி வந்தது, வெட்டியது, தைத்தது, கொடுத்தது என்று குறித்துக்கொண்டே வந்தால் மாலையில் யார் யாருக்குத் "தயார்" செய்தி அனுப்ப வேண்டும் என்பது ஒரு பார்வையில் தெரியும். "ஆச்சாக்கா?" என்ற அழைப்பைக் குறைப்பது அந்தப் பத்திதான்.

படத்தை எங்கே வாங்குவது?

இன்ஸ்டாகிராமில் பார்த்த கழுத்து டிசைனை அனுப்பாத வாடிக்கையாளர் இன்று அபூர்வம். படிவத்திலேயே படத்தை ஏற்ற "File upload" என்றொரு கேள்வி வகை கூகுள் ஃபார்ம்ஸில் உண்டு. அதைச் சேர்த்துவிட்டால் நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்துதான் ஆக வேண்டும். மகன் வாங்கிக் கொடுத்த போனில், மகன் போட்ட கடவுச்சொல்லோடு இருக்கும் அம்மாக்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். படங்கள் போய்ச் சேர்வதும் டெய்லருடைய கூகுள் டிரைவில். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை ஜிமெயிலும் போட்டோக்களும் அதோடு பங்கிட்டுக்கொள்கின்றன.

படத்தை வாட்ஸ்அப்பிலேயே வாங்கிக்கொள்வது மேல். ஒரே நிபந்தனை: ஆர்டர் எண் வந்த பிறகு, அந்த எண்ணை எழுதிப் படத்தை அனுப்ப வேண்டும். "41, பின் கழுத்து மட்டும் இந்த மாதிரி" என்று ஒரு வரி போதும். "மட்டும்" என்ற சொல்லை வாடிக்கையாளரிடமிருந்து வாங்குவது முக்கியம். படத்தில் இருக்கும் பிளவுஸில் கழுத்து, கை, குஞ்சம், ஆரி வேலை எல்லாம் இருக்கும். அவர் கேட்பது எதை என்று படம் சொல்லாது.

அளவும் எண்ணும் யார் கண்ணில் படும்?

பெண்களின் பெயர், போன் எண், உடை விவரம் எல்லாம் ஒரே அட்டவணையில் சேர்கிறபோது பொறுப்பும் சேர்கிறது. கூகுள் ஃபார்ம்ஸின் அமைப்புகளில் "View results summary" என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது தெரியாமல் இயக்கப்பட்டிருந்தால், படிவத்தை நிரப்பும் ஒவ்வொருவரும் மற்றவர்கள் தந்த பதில்களின் தொகுப்பைப் பார்க்க முடியும். லிங்க்கை அனுப்புவதற்கு முன் அது அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பதில்கள் சேரும் அட்டவணையை உதவியாளுக்குக் காட்ட, லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று திறந்துவிடுவதும் இதே போன்ற தவறு. அவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்.

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரிடம் தகவல் வாங்கும்போது அது எதற்காக என்பதைத் தெளிவான மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. படிவத்தின் மேல் இரண்டு வரி போதும்: "இந்த விவரங்கள் உங்கள் துணியைத் தைப்பதற்கும் உங்களுக்குத் தகவல் சொல்வதற்கும் மட்டும். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், அழித்துவிடுகிறேன்."

முன்பணத்தைப் படிவத்தோடு சேர்க்காமல் இருப்பதும் பாதுகாப்பு. துணி கொடுக்க வரும்போது கடையில் இருக்கும் யூபிஐ கியூஆரை ஸ்கேன் செய்து கொடுத்துவிடலாம். கடையின் பெயரில் வேறு யாராவது போலியாக ஒரு லிங்க் அனுப்பிப் பணம் கேட்டால், "எங்க டெய்லர் படிவத்துல பணம் கேட்க மாட்டாங்க" என்பது முன்பே தெரிந்திருக்கும்.

போன் யாருக்கு?

படிவத்தால் ஆகாத ஆர்டர்கள் சில உண்டு. கர்ப்பமாக இருப்பவரின் வளைகாப்பு பிளவுஸுக்குப் பழைய அளவு பயன்படாது. விசேஷத்துக்குப் பக்கத்தில் வந்து அளவு கொடுக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடல்வாகு மாறியவர்கள் அதை ஒரு கட்டத்தில் எழுதக் கூச்சப்படுவார்கள். வீட்டில் துக்கம் நடந்து உடனே வெள்ளையில் ஒன்று வேண்டுமென்றால் யாரும் லிங்க் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். செய்தியில் மாலை 6 முதல் 7 வரை என்று ஒரு மணி நேரத்தைத் திறந்து வைத்தது இவர்களுக்காக. அந்த நேரத்தில் வெட்டும் வேலை வேண்டாம் என்று டெய்லர் தன் நாளையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அறுபது தாண்டியவர்கள் கடைக்கே வந்துவிடுவார்கள். அவர்களுக்காகப் படிவத்தை டெய்லரோ உதவியாளோ தங்கள் போனில் திறந்து, கேட்டுக் கேட்டு நிரப்பினால் ஆயிற்று. நோட்டில் எழுதிக்கொண்டு அப்புறம் ஏற்றலாம் என்று விட்டால் அட்டவணைக்கு ஒரு வரிசை, நோட்டுக்கு ஒரு வரிசை என்று இரண்டாகப் பிரிந்துவிடும். தீபாவளி நெருக்கத்தில் நோட்டில் இருப்பவருடைய துணிதான் விடுபடும்.

தீபாவளிக்கு இத்தனைதான் முடியும் என்ற எண்ணிக்கை வந்ததும் படிவத்தை மூடிவிடலாம். மூடிய படிவத்தைத் திறப்பவருக்கு என்ன வாசகம் தெரிய வேண்டும் என்பதையும் எழுதி வைக்க முடியும்: "தீபாவளி ஆர்டர் முடிந்தது. தீபாவளிக்குப் பிறகு வேண்டியவர்களுக்கு அடுத்த நாளிலிருந்து மீண்டும் திறக்கும்." போனில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக "முடியாதுக்கா" என்று சொல்லி, பழகிய முகத்துக்காக இரண்டு பேருக்குச் சரி என்று தலையாட்டி, கடைசி இரவு கண் விழித்துத் தைப்பது இதனால் குறையும். அந்த இரண்டு பேரும் எப்படியும் கடைக்கு நேரில் வருவார்கள். அவர்களுக்கென்று நாலைந்து இடத்தை முன்பே ஒதுக்கி வைத்துவிட்டுப் படிவத்தை மூடுவதுதான் அனுபவமுள்ள டெய்லர் செய்வது.

முதல் மாதம் ஓடியதும் ஒரு வேலை பாக்கி இருக்கும். படிவம் அனுப்பிய பிறகும் வந்த அழைப்புகளில் என்ன கேட்டார்கள் என்று ஒரு தாளில் குறித்து வைத்தால், படிவத்தில் எந்தக் கேள்வி புரியவில்லை என்பது தெரிந்துவிடும். "லைனிங் வேணுமான்னு கேட்டிருக்கீங்களே, எந்தத் துணிக்கு வேணும்னு நீங்கதானே சொல்லணும்?" என்று நாலு பேர் கேட்டால், அந்தக் கேள்விக்கு "டெய்லர் பார்த்து முடிவு செய்யட்டும்" என்று மூன்றாவதாக ஒரு பதிலைச் சேர்க்க வேண்டும். லிங்க் மாறாது, உள்ளே கேள்விகளைத் திருத்திக்கொண்டே போகலாம்.